பால்வாடி டீச்சர் புருஷனுக்கு மாலைக்கண்

ஜெயசுதாவுக்கு முருங்கைக்கீரை என்றாலே வெறுத்துப்போன காலம் அது. பறித்துப் பறித்து வாசல் மரம் மொட்டையாகிவிட்டது. உருவி உருவி விரல் நகமெல்லாம் பச்சை. தான் சொன்ன பாட்டே தனக்குத் திரும்பி வந்து நிற்கும் என்று அவள் எங்கே நினைத்தாள்?

அவள் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரின் அங்கன்வாடி ஊழியர். அந்தப் பெயரை அரசாங்கத்தைத் தவிர யாரும் சொல்வதில்லை. மலையில் அது பால்வாடி, அவள் பால்வாடி டீச்சர். பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பதைவிட அம்மாக்களுக்குக் கீரை சொல்லிக்கொடுப்பதில்தான் அவளுக்கு வாய் அதிகம் வலித்திருக்கிறது. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளிப் பழம், பரங்கிக்காய், முட்டை மஞ்சள் கரு, கிடைத்தால் ஆட்டு ஈரல். வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்தால் போதாது, ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றித் தாளியுங்கள், கண்ணுக்கு வேண்டிய சத்து எண்ணெயில்தான் உடம்பில் சேரும் என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவாள். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சாமைச் சோற்றில் புளித்தண்ணீரை ஊற்றிக்கொள்வார்கள்.

ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. முன்பு சாந்தம்மாளின் மகள் பொழுது சாய்ந்தால் தட்டைத் தேடித் தடவிக்கொண்டிருந்தாள். பேய் அடித்திருக்கிறது என்று பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போகக் கிளம்பியவர்களை மறித்து, நர்ஸிடம் காட்டியது ஜெயசுதாதான். வைட்டமின் ஏ சொட்டு மருந்து வயசுக்கு ஏற்ற அளவில் உள்ளே போனது. பின்னாலேயே கீரையும் முட்டையும் போயின. கொஞ்ச நாளில் அந்தப் பெண் இருட்டு கட்டும் வரை தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு டீச்சருக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை.

அந்த மரியாதைதான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது. அவள் புருஷன் சின்னராஜுக்கு மாலைக்கண்.

சின்னராஜ் ஆலங்காயத்தில் கோபால்சாமி என்பவரின் லோடு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். மலையிலிருந்து புளியும் சாமையும் இறக்குவது, கீழேயிருந்து மளிகை ஏற்றிக்கொண்டு திரும்புவது. திரும்பும்போது பெரும்பாலும் பொழுது சாய்ந்துவிடும். கொஞ்ச காலமாக அவன் சாயங்கால லோடு என்றால் ஏதாவது சாக்குச் சொன்னான். வண்டி சூடாகுது, வயிற்றை வலிக்கிறது, இன்றைக்குக் கீழேயே படுத்துக்கொள்கிறேன். வீட்டில் இருக்கும் நாளில் விளக்கு வைக்கும் நேரத்தில் படியில் தடுக்கி விழுந்தான். உடம்பும் இளைத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: தண்ணி போட ஆரம்பித்துவிட்டான். ஜெயசுதாவும் அப்படித்தான் நினைத்தாள். அவன் வாயை முகர்ந்து பார்த்தாள், சட்டைப்பையைத் துழாவினாள். ஒன்றும் கிடைக்காததில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கொண்டை ஊசி வளைவில் வண்டியைக் கொண்டுபோய்த் தடுப்புச் சுவரில் இடித்துவிட்டான். சுவர் இல்லாவிட்டால் கீழே பள்ளம். முன்பக்கம் நசுங்கியதோடு போயிற்று. கோபால்சாமி அவனை விசாரித்துத் தெரிந்துகொண்டு, சாவியை வாங்கிவைத்தார், கண் சரியாகட்டும், அப்புறம் வா என்றார். தங்கமான மனுஷன், திட்டவில்லை. அன்றைக்குத்தான் சின்னராஜ் வீட்டில் வாயைத் திறந்தான்.

"பொழுது போனா ஒண்ணுமே தெரில சுதா. எதிர்ல வண்டி லைட்டு அடிச்சிட்டுப் போச்சுனா, அப்புறம் ரோடு எங்க, பள்ளம் எங்கன்னே தெரில. சொன்னா நீ வண்டியே ஓட்டாதன்னுடுவ."

குடிகாரன் இல்லை என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். அடுத்த நிமிஷமே கணக்குப் போட ஆரம்பித்தாள். வண்டி போனால் சோற்றுக்கு என்ன வழி, கண்ணே போனால் இந்த மனுஷனுக்கு என்ன வழி?

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஊருக்கெல்லாம் கீரை சொல்கிறவள் வீட்டில் கீரை இல்லை போலிருக்கிறது என்றார்கள். நேரில் சொன்னது சின்னராஜின் அக்கா வசந்திதான். பக்கத்து வீடு. தம்பி மேல் உயிர். அந்த உயிரில் ஒரு கடுகளவுகூடத் தம்பி பெண்டாட்டிக்கு மிச்சமில்லை.

"சோறு போட்டாத்தான கண்ணு தெரியும்" என்று சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள்.

அதற்குப் பதில் சொல்ல ஜெயசுதாவிடம் இருந்தது அடுப்பு ஒன்றுதான். காலையில் முருங்கைக்கீரை, மத்தியானம் பொன்னாங்கண்ணி, சாயங்காலம் பப்பாளி. தினம் முட்டை. சந்தை நாளில் ஜமுனாமரத்தூர் போய் ஈரல் வாங்கி வந்தாள். ஒரு கரண்டி எண்ணெய் என்று ஊருக்குச் சொன்னவள், தன் வீட்டில் இரண்டு கரண்டியாக ஊற்றினாள், அப்புறம் மூன்று. கீரை எண்ணெயில் நீந்தியது. அவன் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷன். போட்டதைத் தின்றான், தின்றுவிட்டு முன்னால் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முதுகு வரைக்கும் வலிக்கிறது என்றான். வாயுதான், வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் என்று அவள் இஞ்சி தட்டிப்போட்டுக் கொடுத்தாள்.

ஆக்குவது, ஊட்டுவது, பால்வாடிக்கு ஓடுவது, திரும்பிவந்து மறுபடி ஆக்குவது. அவளுக்குக் கை அலுத்தது, கால் அலுத்தது, கடைசியில் அவன் முகத்தைப் பார்ப்பதே அலுத்தது. அத்தனையும் தின்றுவிட்டு அவன் இளைத்துக்கொண்டே போனான். இடுப்பில் கால்சட்டை நிற்காமல் கயிறு போட்டுக் கட்டினான். பார்வை ஒரு இழை திரும்பவில்லை. சாந்தம்மாள் மகளுக்குக் கண் கொடுத்த அதே கீரை, தன் புருஷனுக்கு மட்டும் ஏன் வஞ்சனை செய்கிறது என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

வசந்திக்கு அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. அவர்கள் அம்மாவைத் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். சொந்தத்துக்குள் கட்டினால் பிள்ளைகளுக்குப் பரம்பரையாக மாலைக்கண் வரும், அதற்கு மருந்தே கிடையாது என்று கணியம்பாடிப் பக்கம் யாரோ சொன்னார்களாம். இதைச் சொன்னபோது அவள் ஜெயசுதாவைத் திட்டவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சின்னராஜ் கேட்டுக்கொண்டே இருந்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

அந்த வாரம் அவன் விழுந்தான். மலையில் ஆம்பளைகள் காலைக்கடனுக்குப் புதருக்குத்தான் போவார்கள். கொஞ்ச நாளாக அவனுக்கு அடிக்கடி போகவேண்டியிருந்தது, சாயங்காலமும் போனான். இருட்டில் வரப்பு தெரியாமல் கல்லில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தான். வீட்டுக்குப் பின்னால் அரசாங்கம் கட்டிக்கொடுத்த கக்கூஸ் ஒன்று இருந்தது, கட்டிய நாள் முதல் அதில் சாமை மூட்டையும் பழைய டயரும்தான் குடியிருந்தன. ஜெயசுதா ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் இழுத்து வெளியே போட்டாள். கழுவினாள். இனிமேல் இங்கேதான் போகணும் என்றாள். அவன் கூச்சப்பட்டான், தானே கழுவிக்கொள்வதாகச் சொன்னான். அவள் விட்டாளா?

மறுநாள் சாயங்காலம் அவன் போய்விட்டு வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். வெளிறிப்போய், களிமண்ணைக் குழைத்த மாதிரி பீங்கானில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றத்துக்கு முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டாள். ஒரு வாளி ஊற்றினாள், போகவில்லை. இன்னொரு வாளி. தண்ணீர் மேலே எழும்பி நின்றது. அதன் மேல் எண்ணெய், வட்டம் வட்டமாக மிதந்தது.

பால்வாடியில் எத்தனை பிள்ளைகளுக்குக் கழுவிவிட்டிருக்கிறாள். எல்லா நிறமும் பார்த்திருக்கிறாள். இதைப் பார்த்ததில்லை. முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான். கடையில் கெஞ்சிக் கடனில் வாங்கிய கடலை எண்ணெய் அப்படியே கிடக்கிறது. அவன் பின்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டாள். ரொம்ப நாளாகத்தான் என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இதையெல்லாம் போய்ப் பொம்பளைகிட்ட சொல்வாங்களா என்றான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை, மூன்றாவது வாளியை ஊற்றினாள்.

ஜமுனாமரத்தூரில் கண் சோதனை முகாம் வந்தது. கீழேயிருந்து வந்த கண் டாக்டர் பெயர் நதியா. சின்ன வயசு, நிதானமான பேச்சு. கண் பாப்பாவைப் பெரிதாக்கும் சொட்டு மருந்தை விட்டு, காத்திருக்கச் சொல்லி, இருட்டு அறையில் வைத்து விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். ஜெயசுதா தன் கேள்வியை முந்திக்கொண்டு கேட்டுவிட்டாள்: இது சொந்தத்தில் கட்டியதால் வந்ததா?

சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இருட்டில் எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டார். அப்போதெல்லாம் முயல் வேட்டைக்கு முன்னால் ஓடுகிறவனே தான்தான் என்றான் சின்னராஜ். பக்கவாட்டில் வரும் ஆள் தெரியாமல் போகிறாரா, பகலில் ஆட்களை இடிக்கிறீர்களா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதற்கும் ஆமாம் இல்லை. பரம்பரையாக வருகிற வகை உண்டுதான், அது கண்ணுக்குப் பின்னால் உள்ள விழித்திரையில் கரும்புள்ளி கரும்புள்ளியாகத் தெரியும், பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், அதைக் கீரையோ ஈரலோ திருப்பாது, உங்களுக்கு விழித்திரை நன்றாக இருக்கிறது என்றார். புரை இல்லை, கிட்டப்பார்வையும் இல்லை.

பிறகு அவன் கண்ணின் வெள்ளையை ஜெயசுதாவுக்குக் காட்டினார். ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்த மாதிரி ஒரு சின்னத் திட்டு. அதைத் தினமும் பார்த்தவள்தான் அவளும், தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தாள். இது வைட்டமின் ஏ இல்லாததால் வந்தது என்றார் டாக்டர். இப்படியே விட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும், அப்புறம் பகல் பார்வையும் போய்விடும்.

ஜெயசுதாவுக்குக் காது சுட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட அதே வார்த்தையைத்தான் இந்தப் படித்த பெண்ணும் சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள். தான் போட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள், கீரை, பழம், முட்டை, ஈரல். டாக்டர் கையமர்த்தினார். நீங்கள் போடவில்லை என்று யார் சொன்னது, இவ்வளவும் சாப்பிடுகிற வளர்ந்த ஆளுக்கு இது வரவே கூடாது, வந்திருக்கிறது என்றால் சாப்பிடுவது உடம்பில் சேரவில்லை, அது ஏன் என்பதுதான் கேள்வி என்றார். குடிப்பாரா? இல்லை. வயிற்றுவலி? உண்டு. வெளிக்குப் போவது எப்படி இருக்கிறது?

"நல்லாத்தான் போவுதுங்க" என்றான் சின்னராஜ்.

ஜெயசுதாவுக்குப் பொறுக்கவில்லை. முகாமில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்க, அவள் சொன்னாள்:

"பொய் சொல்றாருங்க. ரெண்டு வாளி ஊத்துனாலும் போவாது. நான் ஊத்துன எண்ணெ அத்தினியும் அங்கதான் மெதக்குது."

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, எவ்வளவு நாளாக, என்ன நிறம், எடை எவ்வளவு குறைந்தது, தாகம் அதிகமா, ராத்திரியில் எத்தனை தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார் என்று இன்னும் கேட்டார். அங்கேயே விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், எகிறியிருந்தது. கண்ணுக்கு வந்தவனை வயிற்றைப் பார்க்கச் சொல்லிக் கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்றைக்கே பஸ்ஸைப் பிடியுங்கள் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம். கொழுப்பைச் செரிக்கிற நீர் அங்கிருந்துதான் வர வேண்டும். சின்னராஜின் கணையத்தில் கல் கல்லாக அடைத்து, அது சுருங்கிப்போயிருந்தது. குடிக்காதவர்களுக்கும், சின்ன வயசுக்காரர்களுக்கும் நம் பக்கத்தில் வருவதுதான் என்றார் அங்கிருந்த டாக்டர். செரிக்கும் நீர் இல்லாததால் எண்ணெய் அப்படியே வெளியே போயிற்று. எண்ணெயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டிய வைட்டமினும் அதோடு போயிற்று. வலியும் இளைப்பும் சர்க்கரையும் அதே இடத்திலிருந்து வந்தவைதான். ஜெயசுதா இத்தனை நாள் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைத்திருக்கிறாள்.

வைட்டமின் ஏ வயிற்றின் வழி போகாது என்பதால் ஊசியாகவே போட்டார்கள். ஒவ்வொரு வேளையும் முதல் கவளத்தோடு விழுங்கச் செரிமான மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரைக்கு இன்சுலின். வலி விடாவிட்டால் கல்லை எடுக்க வேண்டியிருக்கும், தவறாமல் வந்து காட்டுங்கள், சாராயம் பீடி பக்கமே போகக்கூடாது. எண்ணெயை என்ன செய்ய என்று அவள் கேட்டாள். அளவாக ஊற்றுங்கள், மாத்திரையோடு சாப்பிட்டால் இனி சேரும் என்றார்.

ஊருக்கு வந்ததும் வசந்தி சுவரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கே வந்தாள். பரம்பரை இல்லை என்று கேட்டதும் தம்பியின் தலையைத் தடவினாள். பிறகு ஜெயசுதாவிடம், எதைப் போட்டாலும் இவன் வயிறு திருடித் தின்னிருக்கு, நீ இன்னா பண்ணுவ என்றாள். மன்னிப்பு என்று அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெயசுதாவுக்கு அதைக் கொண்டாடவும் தெம்பில்லை, சண்டைபோடவும் தெம்பில்லை. உட்காருங்க அண்ணி என்று மட்டும் சொன்னாள்.

காலையில் ஊசி, வேளாவேளைக்கு மாத்திரை, சர்க்கரைக்குத் தனிச் சமையல். வேலை குறையவில்லை, கூடியது. இது இனி ஆயுசுக்கும் என்று நினைக்கும்போது அவளுக்கு மலைப்பாக இருந்தது. வயிற்றுவலி சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. வாளித் தண்ணீரில் வட்டங்கள் குறைந்து, ஒரு நாள் இல்லாமலே போயின. இதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஊரில் ஆளா கிடைக்கும்? அவளே சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

கண்ணைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? அவனும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் காற்றடித்துக் கரண்டு போய்விட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் கங்கு மட்டும் மினுங்கியது. அவள் பழக்கத்தில் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்து, தட்டை வைத்தாள். சாமைச் சோறு, பரங்கிக்காய்க் கூட்டு, அவித்த முட்டை. மாத்திரையைக் கையில் கொடுத்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி, அடுப்போரமாக உட்கார்ந்தாள்.

சின்னராஜ் முதல் கவளத்தோடு மாத்திரையை விழுங்கினான். அப்புறம் கை நின்றது.

"உன் தட்டுல இன்னா கீது சுதா?"

"உன் தட்டுல இருக்கறதுதான். துன்னு."

இத்தனை மாசமாக ஒவ்வொரு சாயங்காலமும் அந்த மங்கல் பல்பின் கீழே அவன் கேட்டது அதே கேள்வி, அவள் சொன்னது அதே பதில். அவனும் ஒவ்வொரு தடவையும் சரி என்று சாப்பிட்டிருக்கிறான். அவள் தட்டில் வெறும் சோறும், அதன் மேல் புளித்தண்ணீரும் இருந்தன.

"எனக்குத் தெரியுது சுதா" என்றான் அவன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் தடவவில்லை. கையை நேராக நீட்டி, முட்டையைப் பிட்டு, பாதியை அவள் தட்டில் வைத்தான். மஞ்சள் கரு பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுது முடித்ததும் முட்டையைத் தின்றாள்.